மண்டைதீவு வீட்டு வேலையும் முதல் மின்னஞ்சலும்: கட்டணம், தவணை, மாற்றம் ஆகியவற்றை நிர்ணயிக்கும் வழிகள்

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தைக் கடந்தவுடன் வந்துசேரும் மண்டைதீவிலும், அதற்கப்பால் வேலணை, ஊர்காவற்றுறைப் பகுதிகளிலும், பல காலம் பூட்டிக் கிடந்த பூர்வீக வீடுகளை வெளிநாட்டிலுள்ள உரிமையாளர்கள் திருத்துவிக்கும் வேலைகள் இப்பொழுது அடிக்கடி நடைபெறுகின்றன. பணம் ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருக்கிறது. சுவர் இங்கே இருக்கிறது. இரண்டுக்கும் இடையில் உள்ள சாட்சி பெரும்பாலும், வேலை தொடங்குமுன் கொந்தராத்துக்காரர் அனுப்பும் ஒரு மின்னஞ்சல் மாத்திரமே. அந்த மின்னஞ்சல் வழக்கமாக எழுதப்படும் விதம் ஏறக்குறைய இதுதான்:

"கூரை, பூச்சு, நிலம், மலசலகூடம் எல்லாம் 32 இலட்சத்துக்குள் செய்து தருவோம். அரைவாசி முற்பணம், மீதி வேலை முடிந்ததும். மேலதிக வேலை வந்தால் பிறகு பேசிக்கொள்ளலாம்."

நல்லெண்ணத்துக்கு இதில் குறைவில்லை. ஆயினும் இதிலுள்ள நான்கு சொற்கள் பின்னர் நான்கு தகராறுகளாக விரியக்கூடியவை. "எல்லாம்" என்பது எதுவரை என்று தெரியாது. "இலட்சத்துக்குள்" என்பது உறுதியான விலையா, உத்தேசமா என்று தெரியாது. "முடிந்ததும்" என்பதை யார் தீர்மானிப்பார் என்று தெரியாது. "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்பதோ, பேச்சு நடக்கும்போது சுவர் ஏற்கெனவே இடிக்கப்பட்டிருக்கும் என்பதை மறந்துவிடுகிறது. இம்மூன்று வாக்கியங்களையும் செப்பனிடுவதற்கு மூன்று தீர்மானங்கள் அவசியம்: எதற்குப் பணம், எப்பொழுது பணம், வேலை மாறினால் என்ன முறை. ஒவ்வொன்றிலும் உள்ள வழிகளை ஒப்பிட்டு, எது எவ்வீட்டுக்குப் பொருந்தும் என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுதுமுன் பார்க்கவேண்டியது

எந்தக் கட்டண முறையைத் தேர்வது என்பது, வேலையில் எவ்வளவு பகுதி கண்ணுக்குத் தெரிகிறது, எவ்வளவு மறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. தீவுப்பகுதியின் பழைய வீடுகளில் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள் பல. நிலத்தின் ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு சுவரில் ஏறி, மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பைப் படிகமாக விட்டுச்செல்கிறது. அப்படிகம் வளர வளரப் பூச்சு பிரிந்து பொருமுகிறது. இடையில் யாராவது அதன்மேல் சீமெந்துப் பூச்சு போட்டிருந்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, கல்லையே பொடியாக்கத் தொடங்குகிறது. வெளியிலிருந்து நோக்கும்போது மூன்று சதுர அடி வெடிப்பாகத் தெரிவது, பூச்சை உரித்தபின் முழுச்சுவராகப் பரந்திருக்கக்கூடும்.

ஆதலால் விலை சொல்லுமுன் அரைநாள் சோதனை அவசியம். சிறு சுத்தியலின் பிடியால் பூச்சைத் தட்டிச் செல்லவேண்டும். கனத்த ஓசை வந்தால் பூச்சு பற்றியிருக்கிறது, பொள்ளென்று கேட்டால் பிரிந்திருக்கிறது. சந்தேகமான இரண்டு மூன்று இடங்களில் ஒரு சதுர அடியளவு பூச்சை நீக்கிக் கல்லை நகத்தால் சுரண்டிப் பார்க்கவேண்டும். தீராந்திகளின் சுவருக்குள் செல்லும் முனைகளில்தான் கறையானும் உக்கலும் முதலில் வேலைசெய்வதால், அம்முனைகளைக் கூரிய ஊசியால் குத்திப் பார்க்கவேண்டும். பழைய கொங்கிறீற்றில் கம்பியின் போக்கிலேயே நீளவாட்டில் வெடிப்பு ஓடியிருந்தால், உப்பினால் கம்பி துருவேறிப் பருத்து வெளிப்பூச்சைத் தள்ளுகிறது என்று கொள்ளலாம். இச்சோதனையின் நிழற்படங்கள் மின்னஞ்சலோடு செல்லவேண்டும். பின்னர் "முன்பே தெரிந்திருந்ததே" என்றும் "தெரியாதே" என்றும் எழும் வாதத்தை அவை தீர்த்துவிடும்.

எதற்குப் பணம்: மூன்று முறைகள்

முதலாவது, மொத்தத் தொகை. குறித்த வேலைக்குக் குறித்த பணம். குறைந்த செலவில் முடித்தால் ஆதாயம் கொந்தராத்துக்காரருக்கு, கூடினால் நட்டமும் அவருக்கே. தூரதேசத்திலிருந்து பணம் அனுப்புபவருக்கு இது மனநிம்மதி அளிப்பது. அளவு பார்க்கத் தேவையில்லை, நாளேடு படிக்கத் தேவையில்லை. ஆனால் மறைந்திருக்கும் வேலைக்கும் மொத்தத் தொகை கேட்டால் இரண்டில் ஒன்று நிகழும்: அனுபவமுள்ளவர் தம் அச்சத்தின் விலையையும் சேர்த்து எழுதிவிடுவார், அனுபவமற்றவர் குறைத்து எழுதிவிட்டு, பொடிந்த கல்லின்மேலேயே பூசிவிட்டுப் போவார். அப்பூச்சு ஓரிரு மாரிகளுக்குள் மீண்டும் பொருமும்.

இரண்டாவது, அளந்து கொடுக்கும் முறை. சதுர அடிக்கு இவ்வளவு, கன அடிக்கு இவ்வளவு என்று விலைவீதம் மாத்திரம் முன்னரே நிச்சயிக்கப்படுகிறது; அளவு வேலையின் பின் இருவர் முன்னிலையில் எடுக்கப்படுகிறது. பெரிய பொறியியல் வேலைகளுக்கு உலகெங்கும் பயன்படும் ஃபிடிக் நிபந்தனைகளின் செந்நூல் இம்முறையையே அடிப்படையாகக் கொண்டது. இதில் ஒருவரையொருவர் ஏமாற்றும் வாய்ப்பு குறைவு. ஆனால் இறுதித் தொகை எவ்வளவு என்ற கேள்விக்கு ஆரம்பத்தில் விடையில்லை. இக்குறையை நீக்க, உத்தேச அளவையும் அதை மீறும்போது செய்யவேண்டியதையும் சேர்த்தே எழுதவேண்டும்.

மூன்றாவது, நாட்கூலியும் பொருட்செலவும். மேசனுக்கும் உதவியாளுக்கும் நாளுக்கு இவ்வளவு, சீமெந்துக்கும் மணலுக்கும் பற்றுச்சீட்டின்படி, அதன்மேல் மேற்பார்வைக்கு ஒரு வீதம். உரிமையாளர் முற்றத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் வேலைக்கு இது மிகச் சிக்கனமானது; அவர் பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கும்போது, வேலை நீள்வதில் வேலைசெய்பவர் எவருக்கும் நட்டமில்லாத ஒரே முறையும் இதுவே. எனவே, பழைய கதவை இழைத்துப் பொருத்துதல், கிணற்றுக் கட்டின் சிதைவை ஒட்டுதல் போன்று அளக்க இயலாத சில்லறை வேலைகளுக்கு மாத்திரம், உச்சநாட் கணக்கோடு இதை வைத்துக்கொள்ளலாம்.

மண்டைதீவு வீட்டுக்கு இவற்றில் ஒன்றை மட்டும் தேர்வதே பிழை. கண்ணுக்குத் தெரியும் வேலைக்கு மொத்தத் தொகை, மறைந்த வேலைக்கு அளவு முறை, அளக்க முடியாததற்கு நாட்கூலி என்று பிரித்து எழுதுவதே பொருத்தம். பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்பதை முன்சொன்ன அரைநாள் சோதனை காட்டும்.

இங்கே போக்குவரத்தைப் பற்றியும் ஒரு சொல். மண்டைதீவுக்குப் பாதையுண்டு, லொறி வீட்டு வாசல்வரை மணலையும் கல்லையும் கொண்டுவரும், ஆகவே ஏற்றுக்கூலியை விலைக்குள்ளேயே அடக்கிவிடலாம். நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ அதே கடிதத்தை எழுதினால், குறிகட்டுவான் துறையில் இறக்கி, படகில் ஏற்றி, மறுகரையில் மீண்டும் இறக்கும் செலவு தனிவரியாக வரவேண்டும். கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களை யார் கணக்கில் வைப்பது என்பதும் எழுதப்படவேண்டும். அதுபோலவே, கொந்தராத்துக்காரர் வற் பதிவுடையவராயின், 2024 ஜனவரி முதல் நடைமுறையிலுள்ள 18 வீத வரி தொகைக்குள் அடங்குமா, மேலதிகமா என்று ஒரு வாக்கியம் அவசியம்.

எப்பொழுது பணம்: திகதியா, கட்டமா, அளவா

திகதிப்படி தவணை வைப்பது எழுதுவதற்கு எளிது. ஒவ்வொரு மாதமும் முதலாம் நாள் இவ்வளவு என்று முடிந்துவிடும். ஆனால் வடக்கில் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மாரி. அக்காலத்தில் ஓடு பிரித்த வீட்டில் வேலை நடவாது. பணத்தின் திகதியோ நடந்துகொண்டே இருக்கும். வேலைக்கு முன்னே பணம் ஓடிவிட்டால், உரிமையாளரின் கையில் பிடிமானம் எதுவும் எஞ்சுவதில்லை.

கட்டப்படி தவணை வைப்பது இதனினும் சிறந்தது. ஆனால் கட்டம் என்பது தூரத்திலிருப்பவர் ஒரு படத்தில் கண்டு "ஆம்" என்று சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். "கூரை வேலை பெரும்பாலும் முடிந்ததும்" என்பது கட்டமன்று. "தீராந்தி, கைமரம், சலாகை யாவும் பொருத்தப்பட்டு, கடைசி ஓடும் மூடோடும் வைக்கப்பட்டதும்" என்பது கட்டம். அளவு முறையில் செய்யப்படும் பகுதிக்கு மாத்திரம் மாதாந்தக் கணக்கு பொருந்தும். மாத முடிவில் கொந்தராத்துக்காரரும் உரிமையாளரின் பிரதிநிதியும் சேர்ந்து அளந்து, அளவுத்தாளில் கையொப்பமிட்டு, அதைப் படமெடுத்து அனுப்பவேண்டும்.

முற்பணம் வேலையைத் தொடங்கப் போதுமானதாக இருக்கவேண்டுமேயன்றி, விட்டுப்போகத் தூண்டுவதாக இருத்தல் ஆகாது. அரைவாசி என்பது மிகை. முதல் மரமும் ஓடும் வாங்குவதற்கு வேண்டிய அளவு, ஐந்தில் ஒரு பங்கு, பெரும்பாலும் போதும். மறுமுனையில், இறுதித் தொகையில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து ஒரு மாரி கடந்தபின் கொடுக்கும் வழக்கம் இவ்வகை வீட்டுக்கு மிக நியாயமானது. கூரை ஒழுகுகிறதா என்பதை வேறெந்தப் பரிசோதனையும் அவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

நாணயத்தைப் பற்றியும் எழுதவேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியது. பொருள்விலையும் அதனோடு ஏறியது. தொகை ரூபாயில் என்று எழுதினால் பொருள்விலையின் சுமை கொந்தராத்துக்காரருக்கு, டொலரில் என்று எழுதினால் மாற்றுவீதத்தின் ஊசலாட்டம் இருவருக்கும். ரூபாயில் நிர்ணயித்து, சீமெந்து, கம்பி என்ற இரண்டு பொருள்களுக்கு மாத்திரம் கடிதம் எழுதும் நாளின் விலையைக் குறித்து, அதிலிருந்து 10 வீதத்துக்குமேல் ஏறினாலும் இறங்கினாலும் வித்தியாசத்தைச் சரிசெய்வது நடுவழி.

வேலை மாறினால்: மூன்று மாற்றங்கள், மூன்று விதிகள்

"மாற்றம்" என்ற ஒரே சொல்லின்கீழ் மூன்று வெவ்வேறு விஷயங்களை அடக்குவதே பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம். அளவு கூடுவது ஒன்று. மறைந்திருந்த பழுது வெளிப்படுவது மற்றொன்று. உரிமையாளர் புதிதாக ஒன்றை விரும்புவது வேறொன்று.

அளவு கூடினால் விலைவீதம் மாறவேண்டியதில்லை. எண்ணிக்கை மட்டும் மாறும். ஃபிடிக்கின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பும், ஓர் உருப்படியின் அளவு 10 வீதத்துக்குமேல் மாறினாலன்றி, வேறு சில நிபந்தனைகளும் சேர்ந்தாலன்றி, புதிய விலைவீதத்துக்கு இடமளிப்பதில்லை. சிறு வீட்டு வேலைக்கு அந்த 10 வீதத்தை எச்சரிக்கைக் கோடாகக் கொள்ளலாம்: உத்தேச அளவை அவ்வளவு மீறும் தறுவாயில் வேலையை நிறுத்தி அறிவிக்கவேண்டும். மறைந்த பழுது வெளிப்பட்டால், விலைவீதம் முன்பே எழுதப்பட்டிருந்தால் அதே விதி பொருந்தும்; எழுதப்படாத வகையானால் புதிய விலை கேட்டுப் பெறவேண்டும். உரிமையாளரின் புதிய விருப்பமோ புதிய வேலை. அதற்குத் தனி விலை, தனி நாட்கள், தனிச் சம்மதம்.

இவ்விடத்தில் கடிதத்தில் மூன்று வழிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கவேண்டியிருக்கும். "முதலில் செய்வோம், பின்னர் கணக்குப் பார்ப்போம்" என்பது வேகமானது, ஆனால் கணக்குப் பார்க்கும் நாளில் உறவு முறியும். "எழுத்துச் சம்மதமின்றி ஓர் ஆணியும் அடிக்கமாட்டோம்" என்பது பாதுகாப்பானது, ஆனால் இலங்கையில் காலை ஏழு மணிக்கு மேசன் கேள்வி கேட்கும்போது ரொறன்ரோவில் முந்தைய நாளின் இரவு. ஒவ்வொரு சிறு விஷயத்துக்கும் ஒருநாட் கூலி வீணாகும். இரண்டுக்கும் நடுவில், ஒரு சேமத்தொகையை உரிமையாளரின் கையிலேயே ஒதுக்கிவைத்து, சிறு வரம்புக்குள் கொந்தராத்துக்காரர் தொடரவும், வரம்பைத் தாண்டினால் காத்திருக்கவும் இடமளிப்பது தீவு வேலைக்கு ஏற்ற வழி.

யார் சம்மதிக்கலாம் என்பதையும் பெயர் குறித்து எழுதவேண்டும். உரிமையாளர் தொலைவில் இருக்க, அயலிலுள்ள மச்சானோ பெரியப்பாவோ வந்து, "தம்பி, இந்த விறாந்தையையும் இரண்டடி நீட்டிவிடு" என்பார், மேசன் மறுக்கமாட்டார், கணக்கு வரும்போது உரிமையாளர் வியப்படைவார். அயலிலுள்ள உறவினர் அளவைப் பார்த்துக் கையொப்பமிடலாம், வேலையை மாற்றமுடியாது என்ற ஒரு வாக்கியம் குடும்பத்துக்குள் எழக்கூடிய மனக்கசப்பையும் தடுக்கும். தொலைபேசியில் பேசிய எதுவும் அன்றே மின்னஞ்சலில் எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்பதும் இதனோடு சேரும்.

மௌனத்தைச் சம்மதமாக எழுதும் வழக்கம் தவிர்க்கத்தக்கது. பதிலளிக்காததனாலேயே ஒருவர் கடமைப்பட்டவராகக் கொள்ளப்படுவது ஒப்பந்த நியாயத்தில் பொதுவிதியன்று. பதில் தாமதித்தால் அப்பகுதி வேலை நிற்கும், முடிக்கும் நாள் அத்தனை நாட்கள் தள்ளிப்போகும் என்று எழுதுவதே நேர்மையானதும் நிலைநிற்பதுமாகும்.

செப்பனிட்ட கடிதம்

மேற்கண்ட தீர்மானங்களின்படி அந்த மூன்று வாக்கியங்கள் இவ்வாறு மாறும். இதிலுள்ள தொகைகள் உதாரணத்துக்கானவை. சந்தை விலைகள் அல்ல.

> விடயம்: மண்டைதீவு வீட்டுத் திருத்தம் – கட்டணம், தவணை, மாற்ற விதிகள் (தங்கள் சம்மதத்துக்கு)
>
> அன்புடையீர்,
>
> 1. மொத்தத் தொகை வேலை: இணைத்துள்ள படங்கள் 1 முதல் 9 வரை காட்டும் கூரை, நிலம், புதிய மலசலகூடம். தொகை 24 இலட்சம் ரூபாய், ஏற்றுக்கூலி உட்பட. மதில், கிணறு, மின்னிணைப்பு இதில் அடங்கா.
>
> 2. அளவு வேலை: பழைய பூச்சை நீக்கிச் சுண்ணாம்புப் பூச்சு, சதுர அடிக்கு 350 ரூபாய், உத்தேசம் 1,800 சதுர அடி (6.3 இலட்சம்). பொடிந்த கல்லை எடுத்து மீளக் கட்டுதல், கன அடிக்கு 1,500 ரூபாய், உத்தேசம் 100 கன அடி (1.5 இலட்சம்). மாத முடிவில் இரு தரப்பும் அளந்து, அளவுத்தாள் கிடைத்த ஏழு நாட்களுக்குள் கொடுப்பனவு.
>
> 3. மொத்தத் தொகையின் தவணைகள்: தொடங்கும்போது 4.8 இலட்சம், கடைசி ஓடும் மூடோடும் வைக்கப்பட்டதும் 8.4 இலட்சம், நிலமும் மலசலகூடமும் நீர் ஓடிப் பரிசோதிக்கப்பட்டதும் 8.4 இலட்சம், வேலை கையளிக்கப்பட்டதும் 1.2 இலட்சம், மாரி கழிந்து ஜனவரி 31இல், ஒழுக்கு இல்லையெனில், 1.2 இலட்சம்.
>
> 4. சேமத்தொகை: 3.2 இலட்சம், தங்களிடமே இருக்கும். தங்கள் எழுத்துச் சம்மதமின்றி இதில் ஒரு மாற்றத்துக்கு 25,000 ரூபாய்க்குமேல் செலவிடமாட்டோம்.
>
> 5. மாற்றம்: எந்த அளவும் உத்தேசத்தை 10 வீதத்துக்குமேல் தாண்டுமாயின், அல்லது எழுதப்படாத பழுது வெளிப்படுமாயின், இரண்டு நாட்களுக்குள் படம், அளவு, விலை, மேலதிக நாட்கள் ஆகிய நான்கையும் எழுதுவோம். செலவு பந்தி 4இன் வரம்புக்குள் அடங்கினாலன்றி, தங்கள் மின்னஞ்சல் வரும்வரை அப்பகுதி நிற்கும். ஐந்து நாட்களுக்குமேல் தாமதித்தால் முடிக்கும் நாள் அதற்கேற்பத் தள்ளிப்போகும். மாற்றத்துக்குச் சம்மதிப்பவர் தாங்கள் ஒருவரே. ஊரிலுள்ள தங்கள் பிரதிநிதி அளவுத்தாளில் கையொப்பமிடுவார்.
>
> இவற்றுக்குச் சம்மதமாயின் "1 முதல் 5 வரை சம்மதம்" என்று பதிலெழுதுக. பதில் கிடைத்தபின்னரே முற்பணம் கேட்போம்.
>
> இங்ஙனம்

இக்கடிதத்தின்படி உரிமையாளர் எதிர்பார்க்கவேண்டிய தொகை 31.8 இலட்சம், சேமத்தொகை சேர்ந்தால் உச்சம் 35 இலட்சம். பழைய கடிதத்தின் 32 இலட்சத்திலிருந்து தொகை பெரிதும் வேறுபடவில்லை. இப்பொழுது ஒரு சோதனை: சமையலறைச் சுவரை உரித்தபோது பொடிந்த கல் 100 கன அடியன்று, 160 என்று தெரிகிறது என வைத்துக்கொள்வோம். முதற் கடிதத்தின்படி இது "மேலதிக வேலை". விலை என்ன என்பதே வாதம். இரண்டாவது கடிதத்தின்படி மேலதிகம் 60 கன அடி; 1,500 ரூபாய்ப்படி 90,000 ரூபாய்; வரம்பைத் தாண்டுவதால் அறிவிப்பு; ஆறு நாட்கள் அதிகம் என்ற குறிப்பு; உரிமையாளர் படத்தைப் பார்த்து ஒரு வரியில் சம்மதம். சேமத்தொகையில் 2.3 இலட்சம் எஞ்சுகிறது. அதே வாரத்தில் முன்விறாந்தை நீட்டவேண்டும் என்று அவர் விரும்பி, அதற்கு 4 இலட்சம் ஆகுமென்று தெரிந்தால், அது சேமத்தொகைக்குள் அடங்காது. புதிய விலையோடு தனிக் கடிதம் வேண்டும்.

எழுத்தின் பெறுமதி

இலங்கையின் 2006ஆம் ஆண்டு 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டத்தின்கீழ், மின்னஞ்சல் வடிவில் இருப்பது என்ற ஒரே காரணத்தால் ஓர் உடன்படிக்கை செல்லுபடியற்றதாகாது. நிலத்தை விற்பது போன்ற நொத்தாரிசு உறுதி வேண்டிய விவகாரங்கள் அதற்குப் புறம்பானவை. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டமோ, செய்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வழக்கிட ஒரு வருடமே தருகிறது. எழுத்துமூல உடன்படிக்கையின் மேலெழும் வழக்குக்கு ஆறு வருடங்கள். வெளிநாட்டிலிருப்பவரிடம் பணம் நிலுவையிலுள்ள கொந்தராத்துக்காரருக்கு இவ்வித்தியாசம் சிறிதன்று. "சம்மதம்" என்ற பதில் வரியைக் கேட்டுப் பெறுவதன் காரணமும் அதுவே. அனுப்பிய கடிதம் முன்மொழிவு, பதில் வந்த கடிதமே உடன்படிக்கை.

எல்லா வேலைக்கும் இவ்வளவு எழுதவேண்டும் என்பதில்லை. மதிலில் விழுந்த ஒரு துண்டைக் கட்டுவதற்கு மொத்தத் தொகையும், முடிந்தபின் பணம் என்ற ஒரு வரியும் போதும். பிரதேச சபையின் அனுமதி வேண்டிய புதிய மாடிக்கட்டடமாயின் இக்கடிதம் போதாது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையின் மாதிரி ஒப்பந்தப் பத்திரங்களை எடுத்து, அளவைக் கணக்கரைக்கொண்டு பட்டியல் தயாரித்து, சட்டத்தரணி முன்னிலையில் கையொப்பமிடுவதே முறை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, பத்திலிருந்து ஐம்பது இலட்சம்வரையான பழைய வீட்டுத் திருத்தங்களுக்கே இந்த ஐந்து பந்திக் கடிதம். அனுப்புமுன், கட்டட வேலை அறியாத ஓர் உறவினரிடம் அதை வாசிக்கக் கொடுத்து, "எந்த நாளில், எதைக் கண்டபின், எவ்வளவு பணம் அனுப்பவேண்டும்?" என்று கேட்கவேண்டும். அவர் தயக்கமின்றி விடைசொன்னால் கடிதத்தை அனுப்பலாம். தடுமாறும் பந்தி எதுவோ, அதைத் திருத்தி எழுதவேண்டும்.